வேலை முடிந்து வந்தவர்கள் முன்: மாலை நேரச் சிறப்புரையின் முதல் பத்து நிமிடம்

மாலை ஆறரை மணி வகுப்பில் சிறப்புரை ஆற்ற வருபவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், அன்றைய வேலையை முடித்துவிட்டு வந்தவர்கள். தமிழ்நாட்டில் பகுதிநேர பி.இ. படிப்பில் சேர்பவர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போய், சில ஆண்டுகள் கழித்துப் பட்டத்துக்காகத் திரும்பி வந்தவர்கள் இவர்கள். கோயம்புத்தூரில் இப்படிப்பட்ட ஒரு வகுப்பில் பம்பு தொழிற்சாலையின் மேற்பார்வையாளரும், நூற்பாலையின் எலக்ட்ரீஷியனும், ஃபவுண்டரியில் பராமரிப்பு பார்ப்பவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் காலை ஆறு மணி ஷிஃப்டுக்காக நாலரைக்கே எழுந்தவர்கள். சிலர் வகுப்பு முடிந்ததும் இரவு பத்து மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள்.

சிறப்புரையாளர் இவர்களைப் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் சந்திக்கிறார். வழக்கமாகப் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒரு வகுப்பு சரியாக அமையாவிட்டால் அடுத்த வாரம் ஈடுசெய்துகொள்ளலாம். சிறப்புரையாளருக்கு அந்த வசதி இல்லை. கேட்பவர்களின் பெயர் தெரியாது, எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பது தெரியாது, முந்தைய பாடம் எதில் நின்றது என்பதும் பல சமயம் தெரியாது. அதனால் முதல் பத்து நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வர வேண்டியிருக்கிறது.

களைப்பின் இரண்டு வகை

மாலை வகுப்பில் காணப்படும் களைப்பை ஒரே பொருளாக எண்ணுவதால்தான் பல தொடக்கங்கள் தவறிப்போகின்றன. உறக்கம் வருவது ஒன்று, மூளை மேலும் உழைக்க மறுப்பது வேறு.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உறங்க வேண்டும் என்ற அழுத்தம் உடலில் கூடிக்கொண்டே போகிறது. மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. காபியிலும் தேநீரிலும் உள்ள கஃபீன் அடினோசின் செயல்படும் இடங்களை அடைத்துக்கொள்வதால்தான் அவற்றைக் குடித்ததும் விழிப்பு வந்ததுபோல் இருக்கிறது. ஆனால் உடலின் உள்கடிகாரம் இந்த அழுத்தத்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மதிய உணவுக்குப் பிறகு வரும் மந்தம் மாலையில் விலகி, விழிப்பைத் தாங்கும் தூண்டல் வலுக்கிறது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய சில மணி நேரங்களில் தூங்க முயன்றாலும் தூக்கம் எளிதில் வருவதில்லை என்பதை உறக்க ஆய்வாளர் பெரெட்ஸ் லவி 1986இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இரவு பதினொரு மணிக்குப் படுப்பவருக்கு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரையிலான வகுப்பு நேரம் ஏறக்குறைய இந்தப் பகுதியில் விழுகிறது. நாலரைக்கு எழுந்து ஒன்பது மணிக்கே படுக்கும் பழக்கம் உள்ளவருக்கு வகுப்பின் பிற்பகுதியே உறங்கும் நேரம் என்பதால் அவர் நிலை வேறு.

ஆகவே மாலை வகுப்பில் பலர் தூக்கத்தால் சோர்ந்திருப்பதில்லை. நாள் முழுவதும் முடிவெடுத்து, கணக்குப் பார்த்து, பழுது தேடி அலுத்துப்போயிருக்கிறார்கள். இத்தகைய களைப்பில் மனம் வேலை செய்யும் திறனை இழந்துவிடுவதில்லை. புதிதாக ஒரு முயற்சியில் இறங்கத் தயங்குகிறது, அவ்வளவே. எதற்காக இதைக் கவனிக்க வேண்டும் என்பது தெளிவாகாதவரை அது எளிதான வழியையே பார்க்கும். கேட்பதுபோல் இருந்துகொண்டே கேட்காமல் இருப்பதுதான் அந்த எளிதான வழி. காரணம் தெளிவாகி, செய்ய வேண்டியது கைக்கு எட்டுவதாகவும் இருந்தால், அதே களைத்த மனிதர் நிமிர்ந்து உட்காருவதைக் காணலாம்.

உறக்கக் குறைவுக்குத் தொடக்கவுரையில் மருந்து இல்லை. இரண்டாவது வகைக் களைப்புக்கு இருக்கிறது. தொடக்கத்தின் வேலை உற்சாகம் ஊட்டுவது அன்று. கேட்பவர் தம் அன்றைய உழைப்பிலிருந்து எடுத்துவந்த அறிவைக் கொண்டே செய்து முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலையை அவர் கையில் கொடுப்பதுதான்.

முதல் நிமிடத்தில் நடப்பது

நம் கல்லூரிகளில் சிறப்புரை என்றால் வரவேற்புரை, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம் என்று ஒரு வரிசை உண்டு. பகல் நேரக் கருத்தரங்கில் இதற்கு இடம் இருக்கலாம். மாலை வகுப்பில் இந்த வரிசை பதினைந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டால், கேட்பவர்கள் முதலில் பழகிக்கொள்வது கவனிக்காமல் இருப்பதற்குத்தான். செல்பேசியை எடுக்கும் கை அந்த நேரத்தில்தான் அதை எடுக்கிறது. பிறகு உரை தொடங்கும்போது அதைக் கீழே வைக்கச் சொல்ல ஒரு காரணம் தேவைப்படுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு மரபு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உண்டு. மைக்கேல் ஃபாரடே 1820களில் தொடங்கிவைத்த வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளில், கடிகாரம் மணி அடிக்கும்போது பேச்சாளர் அரங்குக்குள் வந்து, அறிமுகம் ஏதுமின்றி நேராகப் பொருளில் தொடங்குவது நிலைத்த வழக்கமாயிற்று. ஒரு மணி நேரத்தில் முடித்தும் விட வேண்டும். ஃபாரடேயே ஒருகாலத்தில் மாலை நேர மாணவராக இருந்தவர். புத்தகம் கட்டும் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞராக 1810இல், ஜான் டேட்டம் என்பவர் லண்டனில் தம் வீட்டில் நடத்திய இரவு அறிவியல் வகுப்புகளுக்கு, ஒரு வகுப்புக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் போனார். அந்தக் கட்டணத்தைக் கொடுத்தது அவருடைய அண்ணன். 1813இல் நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு எழுதிய கடிதங்களில் சொற்பொழிவு எப்படி அமைய வேண்டும் என்று விரிவாக எழுதிய ஃபாரடே, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்பதையும் குறிப்பிட்டார். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் கேட்டுப் பழகியவர் சொன்ன அளவு அது.

வகுப்பில் கவனம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை டயான் பன்ஸும் அவருடைய குழுவினரும் வேதியியல் மாணவர்களிடம் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். கவனம் சிதறியதை உணர்ந்ததும் மாணவர்களே கையிலுள்ள சிறு கருவியில் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. விரிவுரை தொடங்கிய அரை நிமிடத்துக்குள்ளேயே ஒரு சிதறல் பதிவாயிற்று. மாணவர்கள் மனத்தளவில் வந்து உட்கார எடுத்துக்கொள்ளும் நேரம் அது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மாணவர்களைப் பதில் சொல்லவோ செய்துபார்க்கவோ வைத்த பகுதிகளிலும், அவற்றை அடுத்து வந்த விரிவுரையிலும் சிதறல்கள் குறைந்திருந்தன. இந்த ஆய்வு மாலை நேரத்து வேலைக்காரர்களிடம் செய்யப்பட்டதன்று. ஆயினும் இரண்டு செய்திகள் இங்கேயும் பயன்படும். முதல் அரை நிமிடத்தில் மிக முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சொன்ன பின் கேட்பவரைச் சீக்கிரமே ஏதாவது செய்ய வைக்க வேண்டும்.

ஒரு மாலை, ஒரு மின் கட்டண ரசீது

இதை ஒரு பாடத்தின் வழியே பார்த்தால் தெளிவாகும். தொழிற்சாலை மின்பொறியாளர் ஒருவர், மின்னியல் பிரிவின் பகுதிநேர மாணவர்களுக்குப் பவர் ஃபேக்டர் பற்றிப் பேச வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உரை ஆறரைக்கு. நேரம் ஒரு மணி. பேச்சின் முடிவில் மாணவர்கள், ஓர் ஆலைக்கு எவ்வளவு கெபாசிட்டர் தேவை என்று கணக்கிடவும், அதனால் கட்டணத்தில் எந்தப் பகுதி குறையும், எது குறையாது என்று சொல்லவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழக்கமான தொடக்கம் வரையறையில் இருந்து வரும். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலுள்ள கோணம், அதன் கொசைன், மூன்று பக்க முக்கோணம் என்று பலகை நிறையும். இவையெல்லாம் மாணவர்கள் டிப்ளமோவில் ஏற்கெனவே பார்த்தவை. தெரிந்த ஒன்றைத் திரும்பக் கேட்கும்போது களைத்த மனம் ‘இது தெரிந்ததுதான்’ என்று ஒதுங்கிவிடும். பத்து நிமிடம் கழித்துப் புதிய செய்தி வரும்போது அது அங்கே இருக்காது.

அதற்குப் பதிலாகப் பேச்சாளர் வேறு விதமாகத் தொடங்குகிறார். ஆறு இருபதுக்கே வந்துவிடுகிறார். பலகையின் இடது ஓரத்தில் உரை முடியும் நேரத்தை எழுதுகிறார்: 7.30. நடுவில் உயரழுத்த இணைப்பு உள்ள ஒரு சிறு ஆலையின் ரசீதிலிருந்து எடுத்ததுபோல் நான்கே எண்களை எழுதுகிறார். ஆலையின் சுமை 300 கிலோவாட். பதிவான உச்சத் தேவை 375 கே.வி.ஏ. பவர் ஃபேக்டர் 0.80. வாரியம் அனுமதித்த தேவை 400 கே.வி.ஏ. உள்ளே வருபவர்கள் உட்காரும்போதே அவற்றைப் படிக்கத் தொடங்குகிறார்கள். ரசீது அவர்களில் பலர் மாதாமாதம் கையில் வாங்கிப் பார்ப்பது.

வாசலுக்கு அருகே உள்ள இரண்டு பெஞ்சுகளைக் காலியாக விடச் சொல்கிறார். பேருந்து தாமதமாகி ஏழு மணி வரை ஒவ்வொருவராக வருவார்கள். அவர்கள் யாரையும் எழுப்பாமல் வந்து உட்கார அந்த இடம். நான்கு எண்கள் பலகையில் அழியாமல் இருப்பதால் பிந்தி வந்தவரும் பாடம் எதைப் பற்றியது என்று தாமே பிடித்துக்கொள்ளலாம்.

ஒருங்கிணைக்கும் ஆசிரியரிடம் முன்பே பேசி, அறிமுகத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்ளவும், நன்றியையும் நினைவுப் பரிசையும் ஏழரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளவும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அறிமுகத்தில் சொல்லப்பட வேண்டியது பட்டங்களின் பட்டியல் இல்லை. இந்தப் பொருளைப் பேச இவருக்கு என்ன அனுபவம் என்பது மட்டும் போதும்: ஆலைகளில் கெபாசிட்டர் பேனல் அமைப்பதும் பராமரிப்பதும் இவர் தொழில்.

ஆறரைக்கு அவர் பேச்சு இப்படித் தொடங்குகிறது. “வணக்கம். ஏழரைக்கு முடிச்சிடுவோம். ஏழு மணிக்கு டீ வரும், நடுவுல ரெண்டு நிமிஷம் நிறுத்துவோம். போர்டுல இருக்கிறது ஒரு மில்லோட பில். இவங்க கெபாசிட்டர் போட்டுப் பவர் ஃபேக்டரை 0.95க்குக் கொண்டு வர்றாங்க. அடுத்த மாசம் பில்லுல எது குறையும்? யூனிட்டா, கே.வி.ஏ.வா, ரெண்டுமா? பேசாம நோட்டுல ஒரு விடை எழுதிக்குங்க. ஒரு நிமிஷம்.”

இந்தச் சில வரிகளில் நான்கு வேலைகள் நடந்துவிடுகின்றன. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கடைசிப் பேருந்தையோ அடுத்த ஷிஃப்டையோ நினைத்துக்கொண்டிருப்பவர் இனி மணி பார்க்க வேண்டியதில்லை. பசிக்கும் ஒரு நேரம் குறித்தாயிற்று. முதல் அரை நிமிடச் சிதறல் முக்கியமில்லாத வாக்கியங்களின் மேல் விழுந்து கழிந்துவிட்டது. கேள்வி வந்தபோது எல்லோர் கையிலும் பேனா இருக்கிறது.

முன்கேள்வி ஏன் பலன் தருகிறது

பாடம் சொல்வதற்கு முன்பே கேள்வி கேட்பது முறையற்றதாகத் தோன்றலாம். விடை தெரியாதவரிடம் கேட்டு என்ன பயன்? லிண்ட்சி ரிச்லண்ட், நேட் கார்னெல், லிச் கௌ ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு கட்டுரையைப் படிப்பதற்கு முன் அதிலிருந்து கேள்விகள் கேட்கப்பட்டவர்கள், அப்போது தவறான விடையே சொல்லியிருந்தாலும், பிறகு அந்தச் செய்திகளை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். விடையைத் தேடி ஒரு முறை முயன்ற மனம், சரியான விடை வரும்போது அதை வேறு விதமாக வாங்கிக்கொள்கிறது. கேட்கப்பட்ட செய்திக்குத்தான் இந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கும். அதனால் முன்கேள்வி அன்றைய பாடத்தின் மையத்திலேயே இருக்க வேண்டும்.

மின் ரசீதுக் கேள்வி அப்படிப்பட்டது. கெபாசிட்டர் போட்டால் யூனிட் குறையும் என்பது தொழிற்சாலைகளில் பரவலாக உள்ள தவறான எண்ணம். வகுப்பில் கணிசமானவர்கள் ‘ரெண்டும்’ என்று எழுதியிருப்பார்கள். ஒரு நிமிடம் முடிந்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் விடையைக் காட்டி ஏன் என்று சொல்லும்படி பேச்சாளர் இரண்டு நிமிடம் தருகிறார். அறையில் சத்தம் எழுகிறது. நாள் முழுவதும் மற்றவர் சொன்னதைச் செய்துவிட்டு வந்தவர்கள் இப்போது தம் கருத்தைச் சொல்கிறார்கள். பிறகு மூன்று விடைகளுக்கும் தனித்தனியே கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையில் குறிக்கிறார். யார் தவறு என்று சொல்வதில்லை.

அடுத்த நான்கு நிமிடத்தில் கணக்கு வருகிறது. இப்போதைய தேவை 300 ÷ 0.80 = 375 கே.வி.ஏ. பவர் ஃபேக்டர் 0.95 ஆனால் 300 ÷ 0.95, அதாவது சுமார் 316 கே.வி.ஏ. மோட்டார்கள் செய்யும் வேலை மாறவில்லை, 300 கிலோவாட் அப்படியே இருக்கிறது. ஆகவே யூனிட் ஏறக்குறைய மாறாது. கேபிளில் ஓடும் மின்னோட்டம் குறைவதால் அங்கே வீணாகும் ஆற்றல் மட்டும் கொஞ்சம் குறையும். கே.வி.ஏ. 59 குறைகிறது. இதற்குத் தேவையான கெபாசிட்டர் 300 × (0.750 − 0.329), அதாவது சுமார் 126 கே.வி.ஏ.ஆர். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் அன்றைய உரையின் மீதி நேரம் விளக்கப்போகிறது.

இங்கே பின் பெஞ்சிலிருந்து ஒரு கை எழலாம். “சார், எங்க மில்லுல கெபாசிட்டர் போட்டோம். டிமாண்டு குறைஞ்சுது, ஆனா பில்லு அந்த அளவுக்குக் குறையலீங்களே?” இப்படி ஒரு கேள்வி வந்தால் தொடக்கம் பலித்துவிட்டது என்று பொருள். அந்த மாணவர் சொல்வது உண்மைதான். தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோருக்குத் தேவைக் கட்டணம், பதிவான தேவை அல்லது அனுமதிக்கப்பட்ட தேவையின் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குப் போடப்படுகிறது. 400இல் 90 சதவீதம் 360. தேவை 375இலிருந்து 316க்கு இறங்கினாலும் ரசீது 360க்குத்தான் வரும். குறைவது 59 இல்லை, 15 கே.வி.ஏ. மட்டும். முழுப் பலனும் வேண்டுமானால் அனுமதிக்கப்பட்ட தேவையைக் குறைக்க விண்ணப்பிக்க வேண்டும். இன்னொரு பலன் உடனே கிடைக்கும். பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே இருந்ததால் விழுந்துகொண்டிருந்த கூடுதல் கட்டணம் நின்றுவிடும்.

நான்காவது எண்ணாகிய 400ஐப் பேச்சாளர் பலகையில் எழுதிவைத்தது இந்தக் கேள்விக்காகத்தான். யாரும் கேட்காவிட்டால் அவரே கேட்டிருப்பார். மாணவர் ஒருவர் கேட்டால், அந்தச் செய்தி ஆலையிலிருந்து வகுப்புக்கு வந்ததாக எல்லோரும் உணர்வார்கள். வயதுவந்தோர் கல்வியைப் பற்றி எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ், 1973இல் வெளிவந்த தம் நூலிலும் பின்னர் அதன் திருத்திய பதிப்புகளிலும் வலியுறுத்தியவை இங்கே பொருந்துகின்றன. வளர்ந்தவர்கள் ஒன்றைக் கற்கும் முன் அது எதற்கு என்று அறிய விரும்புகிறார்கள், தம் அனுபவம் மதிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், பாடத்தலைப்பைவிடத் தீர்க்க வேண்டிய சிக்கலை வைத்தே கற்கிறார்கள் என்றார் அவர். மின் ரசீது இந்த மூன்றையும் ஒன்றாகத் தாங்கி நிற்கிறது.

இப்போது மணி ஆறு நாற்பது. வரையறை இன்னும் வரவில்லை. அது வரும்போது, 0.329 என்ற எண்ணுக்கு விளக்கமாக வரும். அதைக் கேட்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

தவறும் இடங்கள்

களைத்தவர்களை முதலில் சிரிக்கவைக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. பொருளோடு சேராத நகைச்சுவையோ கதையோ அந்த நேரத்துக்கு அறையை எழுப்பும் என்பது உண்மை. ஆனால் அதற்கு விலை உண்டு. ஷானன் ஹார்ப்பும் ரிச்சர்ட் மேயரும் 1998இல் மின்னல் உருவாகும் விதம் பற்றிய பாடத்தை வைத்துச் செய்த ஆய்வில், சுவையான ஆனால் விளக்கத்துக்குத் தொடர்பில்லாத செய்திகள் சேர்க்கப்பட்ட பாடத்தைப் படித்தவர்கள், காரண காரியத் தொடர்பைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். அந்தச் செய்திகள் பாடத்தின் தொடக்கத்தில் வந்தபோது கேடு அதிகமாகவும், இறுதியில் வந்தபோது குறைவாகவும் இருந்தது. தொடக்கத்தில் கேட்டதைச் சுற்றியே மனம் மற்றவற்றை அடுக்குகிறது. அந்த இடத்தில் தொடர்பற்ற கதை நின்றால், பின்னால் வரும் பாடம் தவறான கொக்கியில் மாட்டப்படும். ஆகவே கதை சொல்ல விரும்பும் பேச்சாளர் பாடத்தின் காரணத்தைச் சுமக்கும் கதையைச் சொல்லலாம். கெபாசிட்டர் போட்டும் ரசீது குறையாத ஆலையின் கதை அப்படிப்பட்டது.

இரண்டாவது தவறு, இரக்கத்தால் வருவது. “எல்லாரும் டயர்டா இருப்பீங்க, சீக்கிரம் முடிச்சுடறேன்” என்று தொடங்கும்போது பேச்சாளர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்பவருக்கோ, வரப்போவது சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற செய்தி போய்ச் சேர்கிறது. தம் களைப்பும் அவருக்கு நினைவுக்கு வருகிறது. களைப்பை மதிப்பது என்றால் முடியும் நேரத்தை எழுதி அதைக் காப்பாற்றுவது, தேநீரை ஏற்பாடு செய்வது, ஜன்னலைத் திறந்து வைப்பது. பகலெல்லாம் வகுப்பு நடந்த அறையில் மாலையிலும் ஐம்பது பேர் உட்கார்ந்தால் காற்று கனத்துவிடும். உரை தொடங்குவதற்கு முன்பே ஜன்னல்களையும் கதவையும் திறந்து காற்றோட்டம் விட்டுவைப்பது நல்லது.

மூன்றாவது, கேள்வி கேட்கும் விதம். “பவர் ஃபேக்டர்னா என்னன்னு யாருக்குத் தெரியும்?” என்று பொதுவாகக் கேட்டால் அமைதிதான் கிடைக்கும். தெரிந்தவரும் முந்திக்கொள்ள விரும்பமாட்டார். ஒருவரைச் சுட்டிக்காட்டி எழுப்பி நிறுத்துவது இன்னும் மோசம். பகலில் இருபது பேருக்கு மேற்பார்வையாளராக இருந்துவிட்டு வந்தவர், இளையவர்கள் முன் விடை தெரியாமல் நிற்க நேர்ந்தால் அன்று மாலை முழுவதும் வாய் திறக்கமாட்டார். முதலில் தனியாக எழுதுவது, பிறகு பக்கத்தவரிடம் பேசுவது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து கை தூக்குவது என்ற வரிசை இந்த அபாயத்தைத் தவிர்க்கிறது. விடை தவறானாலும் அது நோட்டுக்குள் இருக்கிறது. கேள்வியை மூன்று தெளிவான விடைகளோடு தருவதும் அதற்காகவே. விளக்கம் எழுதச் சொன்னால் களைத்த கை நின்றுவிடும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எழுதும்.

நான்காவது, எடுத்துக்காட்டு கேட்பவரின் உலகத்தில் இல்லாமல் போவது. ரசீது மின்னியல் பிரிவு மாணவர்களுக்குப் பொருந்தியது. மாலை நேரச் சட்ட வகுப்பிலோ கணக்கியல் வகுப்பிலோ அது பயன்படாது. ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு நாள் முன்பே மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்: மாணவர்கள் பெரும்பாலும் எந்தெந்த வேலையில் இருக்கிறார்கள், இந்தப் பொருளில் எதுவரை நடத்தியாயிற்று, எத்தனை மணிக்குக் கிளம்பியாக வேண்டும். தொடக்கக் கேள்வியை இந்த மூன்று விடைகளிலிருந்து அமைக்கலாம்.

பலித்ததா என்று அறிவது

தலையாட்டலை நம்ப முடியாது. மாலை வகுப்பில் மரியாதைக்காகத் தலையாட்டுபவர்கள் நிறைய உண்டு. பக்கத்தவரோடு பேசச் சொன்னபோது முதல் சில நொடிகளுக்குள் சத்தம் எழுந்ததா என்பது நம்பத்தக்க அடையாளம். எழாவிட்டால் கேள்வி புரியவில்லை, அல்லது மிக எளிதாகவோ மிகக் கடினமாகவோ இருக்கிறது. கை தூக்கும்போது ஒரே விடைக்கு எல்லாக் கைகளும் எழுந்தால் கேள்விக்கு வேலை இல்லாமல் போயிற்று. எண்ணிக்கை பிரிந்திருந்தால், விடையை அறியும் ஆவல் அறையில் இருக்கிறது. மாணவர்கள் தம் தொழிற்சாலையின் எண்களைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினால் வேறு அடையாளம் தேவையில்லை.

கேள்வி பலிக்காதபோது அதையே விடாப்பிடியாக இழுப்பதில் பயனில்லை. பேச்சாளர் இன்னும் சிறிய படியாக அதை உடைக்கலாம். ‘எது குறையும்’ என்பதை விட்டுவிட்டு, “300 கிலோவாட் ஓடுற மில்லுக்கு 375னு ஏன் பில் வந்திருக்கு?” என்று கேட்கலாம். எல்லோரும் சரியான விடையையே எழுதியிருந்தால், 400 என்ற எண்ணுக்கு நேராகப் போய்விடலாம். இதற்காக மாற்றுக் கேள்வி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. முக்கியமான பகுதி அடுத்து வரும் நேரத்தில் பிந்தி வந்தவர்கள் நிறைய இருந்தால், பலகையிலுள்ள நான்கு எண்களையும் ஒரே வாக்கியத்தில் மீண்டும் சொல்லிவிட்டு மேலே போகலாம். முன்பே வந்தவர்களுக்கு அது அலுப்பாகாது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. இரவு ஷிஃப்டு முடித்து, பகலில் சரியாகத் தூங்காமல் வகுப்புக்கு வந்தவரை எந்தக் கேள்வியும் நெடுநேரம் விழித்திருக்க வைக்காது. அவர் தலை சாய்ந்தால் அதைப் பேச்சாளர் தம் குறையாகவோ அவர் அலட்சியமாகவோ கருத வேண்டியதில்லை. இரண்டு பக்கக் குறிப்பை அச்சிட்டுத் தருவது அவருக்குச் செய்யக்கூடிய உதவி. முழுக்க அறிமுகமில்லாத பொருளுக்கும் முன்கேள்வி சரிவராது. ஊகிப்பதற்குக் கேட்பவரிடம் எதுவும் இல்லாதபோது ஊகிக்கச் சொல்வது சங்கடத்தையே தரும். அங்கே ஒரு சிறு செய்முறையையோ படத்தையோ முதலில் காட்டி, அதில் எதைக் காண்கிறார்கள் என்று கேட்பது பொருந்தும். நல்ல தொடக்கம் ஒரு மணி நேரக் கவனத்தையும் சம்பாதித்துத் தருவதில்லை. முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குத்தான் அது தாங்கும். அதன் பிறகும் கேட்பவர் கைக்கு வேலை தர வேண்டும். ரசீதுக் கணக்கில் அடுத்த வேலை, தேநீருக்குப் பின் மாணவர்கள் தத்தம் ஆலையின் எண்களைப் போட்டுத் தேவையான கெபாசிட்டரைக் கண்டுபிடிப்பது. ஆறரைக்கு எழுதிவைத்த முதல் விடையை ஒவ்வொருவரும் அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும்போது தொடக்கத்தின் வேலை முடிகிறது.